மூன்று பெட்டிக்குள் அடங்காத சம்பளச் சீட்டு



2025 ஓகஸ்ட் மாதம் மடுத் திருவிழாவுக்குப் போன கையோடு இலுப்பைக்கடவைக்கும் போய் வந்தோம். 1977 கலவரத்தில் தோட்டத்தை விட்டு ஓடி, வன்னியில் அலைந்து, கடைசியில் அந்தக் கரையோரம் குடியேறிய ஒரு குடும்பம் அங்கே இருக்கிறது. அந்த வீட்டு அத்தையைப் பார்க்க எங்கள் பழைய மாணவி ஒருத்தியும் எங்களோடு வந்திருந்தாள். வயது 19. யூலையில் கொழுந்துக்குப் பேர் பதிந்து, ஓகஸ்ட் 10ஆம் திகதி முதல் சம்பளம் வாங்கியவள். சம்பளச் சீட்டை நாலாக மடித்து, போன் உறைக்குள் வைத்திருந்தாள்.

அத்தை மகன் கடலுக்குப் போகிற பையன். சாப்பாடு முடிந்து திண்ணையில் இருந்தபோது அவன் தன் போனை அவளிடம் நீட்டினான். விரலால் தள்ளத் தள்ள ஒன்றன்பின் ஒன்றாக வரும் பட அட்டைகள். "முதல் சம்பளமா? வாழ்த்துகள்!" என்பது முதல் அட்டை. அடுத்ததில் மூன்று பெட்டிகள்: தேவைக்கு 50, ஆசைக்கு 30, சேமிப்புக்கு 20. பிறகு ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு அட்டை. வாடகை, சாப்பாடு, பஸ் எல்லாம் தேவை. வெளிச்சாப்பாடு, சினிமா, புது உடுப்பு எல்லாம் ஆசை. வங்கிக் கணக்கு சேமிப்பு. கடைசி அட்டையில் "இன்றே தொடங்குங்கள்" என்று கணக்குத் திறக்கும் அழைப்பு.

அவள் எல்லாவற்றையும் இரண்டு தரம் தள்ளிப் பார்த்தாள். பிறகு எங்களிடம் கேட்டாள்: "டீச்சர், அம்மாவோட அடகு இதுல எந்தப் பொட்டியில போகும்?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறோம். அந்த அட்டைகளை எங்கள் பிள்ளைகளும் போனில் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு, இருபது வீதம் மிச்சம் பிடிக்க முடியாதது தங்கள் குற்றம் என்று நினைக்கிறார்கள். அது அவர்கள் குற்றம் அல்ல. அந்தக் கணக்கு வேறொரு சம்பளத்துக்காகப் போட்ட கணக்கு.

முதலில் அது எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அமெரிக்காவில் கடனில் நொடித்துப்போன குடும்பங்களைப் பல வருடம் ஆராய்ந்த சட்டப் பேராசிரியர் எலிசபெத் வாரன். பிற்காலத்தில் செனட்டர் ஆனவரும் அவர்தான். அவரும் அவருடைய மகள் அமேலியா வாரன் தியாகியும் சேர்ந்து 2005இல் வெளியிட்ட நூலில்தான் இந்த 50, 30, 20 பிரபலமானது. அவர்கள் கண்டது இதுதான். வீட்டுக்கடன், கார்க்கடன், காப்புறுதி என்று நிறுத்தவே முடியாத செலவுகள் சம்பளத்தைத் தின்றுவிட்ட குடும்பம், ஒரு மாதம் வேலை போனாலும் கவிழ்ந்துவிடுகிறது. ஆகவே நிறுத்த முடியாத செலவைப் பாதிக்குள் வைத்திருங்கள் என்றார்கள். முப்பது வீத ஆசைக்கும் அதில் ஒரு வேலை இருந்தது. வருமானம் விழும்போது உடனே வெட்டக்கூடிய பகுதி அதுதான். வண்டி பள்ளத்தில் இறங்கும்போது அடி உடம்பில் படாமல் தாங்குகிற வில் மாதிரி.

அந்த அட்டைகளைச் செய்தவர்கள் எண்களை எடுத்துக்கொண்டார்கள். எண்களுக்குப் பின்னால் இருந்த காரணத்தை விட்டுவிட்டார்கள். விழுகிற சம்பளத்தைத் தாங்குவதற்காக வந்த கணக்கு, விழவே விழாத சம்பளக்காரருக்குப் புத்தி சொல்லும் கணக்காகிவிட்டது.

இனி அந்தப் பிள்ளையின் சீட்டைப் பிரிப்போம். அவளுடைய அனுமதியோடுதான் எழுதுகிறோம்.

2024 செப்டம்பரில் சம்பள நிர்ணய சபை மூலம் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. யூலையில் அவளுக்கு 18 முழுப் பேர் விழுந்தது. பழகாத கை, நிறைக் குறைவு என்று நாலு நாள் அரைப் பேர். முழுப் பேருக்கு 24,300, அரைப் பேருக்கு 2,700, மொத்தம் 27,000 ரூபா. அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8, அதாவது 2,160 கழிந்தது. சங்கச் சந்தா, கோயில், மரண உதவிச் சங்கம், தேயிலைத்தூள் எல்லாம் சேர்ந்து 840. கைக்கு வந்தது 24,000.

அட்டை சொல்கிறபடி பிரித்தால் தேவைக்கு 12,000, ஆசைக்கு 7,200, சேமிப்புக்கு 4,800. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அவள் வீட்டில் நாலு பேர். அப்பாவுக்கு நெஞ்சு வருத்தம், வேலையில்லை. அம்மா கொழுந்தெடுக்கிறார். தம்பி பத்தாம் ஆண்டு. அம்மாவும் மகளும் செலவைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். மகள் பங்கு இது: அரிசி, மா, மரக்கறி, எண்ணெய்க்கு 13,000. தம்பியின் வகுப்புக்கும் பஸ்ஸுக்கும் 2,500. அப்பாவின் மருந்துக்கு 1,500. மின்சாரம் 700. போனுக்குக் காசு போட 1,000. அம்மாவின் நகை அடகில் இருக்கிறது, அதற்கு வட்டி 1,800. கூட்டினால் 20,500. நூற்றுக்கு 85க்கும் மேல்.

அட்டை எழுதியவர் இதைப் பார்த்தால் "செலவைக் குறையுங்கள்" என்பார். எதைக் குறைப்பது? நாட்டரிசி கிலோ 230 ரூபா என்று கட்டுப்பாட்டு விலை போட்டிருந்த காலம் அது. அரிசியைக் குறைப்பதா, மருந்தைக் குறைப்பதா? ஏர்ன்ஸ்ட் எங்கல் என்ற ஜேர்மன் புள்ளிவிபர அறிஞர் 1857இலேயே தொழிலாளர் குடும்பக் கணக்குகளைப் பார்த்து ஒரு உண்மையைச் சொன்னார். வருமானம் குறையக் குறைய, அதில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு கூடும். சோம்பலாலோ ஊதாரித்தனத்தாலோ அல்ல. வயிறு சம்பளத்தின் வீதத்தைப் பார்த்துச் சுருங்காது. இது தெரிந்து நூற்றெழுபது வருடம் ஆகப்போகிறது. அந்த அட்டைகளுக்கு மட்டும் இன்னும் தெரியவில்லை.

அட்டையின் முதல் பிழை இன்னும் ஆழமானது. அது "மாதச் சம்பளம்" என்று ஒன்று இருப்பதாக நினைக்கிறது. நமக்கு இருப்பது மாதச் சம்பளம் அல்ல, பேர்க் கணக்கு. அம்மாவின் பெப்ரவரிச் சீட்டையும் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தோம். வெயில் காலம், கொழுந்து இல்லை, 14 பேர்தான். அந்த 14 பேர் மகளுக்கு விழுந்தால் மொத்தம் 18,900. சேமலாப நிதிக்கு 1,512ம் மற்றக் கழிவு 840ம் போக, கையில் 16,548. யூலையைவிட 7,452 குறைவு. அட்டை "ஆசைக்கு" என்று ஒதுக்கிய 7,200 முழுவதும் இல்லாமல் போனாலும் அந்தப் பள்ளம் நிரம்பாது. வீட்டுச் செலவு அதே 20,500. ஆகவே 3,952 ரூபா துண்டு விழும்.

இன்னொன்றும் கவனியுங்கள். அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே மலை, ஒரே வெயில். அம்மாவின் பேர் குறைகிற மாதத்தில்தான் மகளின் பேரும் குறையும். இரண்டு சம்பளம் இருக்கிறதே, ஒன்று விழுந்தால் மற்றது தாங்கும் என்ற கணக்கு லயத்தில் எடுபடாது. அந்த மாதத்தில்தான் நகை அடகுக்குப் போகிறது. அம்மாவின் நகையும் அப்படித்தான் போனது.

இரண்டாவது பிழை சேமிப்புப் பெட்டியில். "இருபது வீதம் சேமியுங்கள், இன்றே தொடங்குங்கள்" என்கிறது கடைசி அட்டை. அந்தப் பிள்ளை ஏற்கனவே தொடங்கிவிட்டாள். அவள் பங்கு 8 வீதம். தோட்டம் தன் பணத்தில் சேமலாப நிதிக்கு 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் கட்ட வேண்டும் என்பது சட்டம். எல்லாம் சேர்ந்து 23 வீதம். 27,000 ரூபாவுக்கு அது 6,210 ரூபா. அட்டை கேட்கிற 4,800ஐ விட அதிகம். அவளுடைய மிகப் பெரிய சேமிப்பு அதுதான். அதைப் பற்றி எந்த அட்டையிலும் ஒரு சொல் இல்லை. அந்தப் பணத்தால் அட்டை போட்டவருக்குப் புதுக் கணக்கு எதுவும் கிடைக்காது என்பதால்தானோ?

இந்தச் சேமிப்பில் ஆபத்தும் உண்டு. சீட்டில் கழித்த பணம் நிதிக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது சீட்டைப் பார்த்தால் தெரியாது. ஒரு மாதத்துக்குரிய பணத்தை அடுத்த மாதம் முடிவதற்குள் கட்ட வேண்டும். பிந்தினால் 5 வீதத்திலிருந்து 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் உண்டு. அப்படியிருந்தும், கழித்த பணத்தைக் கட்டாமல் வைத்திருந்த இடங்களுக்காக நாங்கள் தொழில் காரியாலயப் படி ஏறியிருக்கிறோம். ஓய்வு பெற்ற அம்மா ஒருவர், பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், செக்ரோலில் இன்னொரு பெயர் என்று வருடக்கணக்கில் அலைந்ததையும் பார்த்திருக்கிறோம். ஐம்பது வயதில் பெண்ணும் ஐம்பத்தைந்தில் ஆணும் எடுக்க வேண்டிய பணம் அது. முதல் சம்பளத்தன்று ஐந்து நிமிடத்தில் திருத்தியிருக்கக்கூடிய ஒரு எழுத்துக்காக அந்த அம்மா அத்தனை காலம் நடந்தார்.

ஆகவே முதல் சம்பளக்காரர் வங்கிக்குப் போவதற்கு முன் மூன்றைப் பார்க்க வேண்டும். சீட்டில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா? உங்கள் உறுப்பினர் இலக்கம் என்ன, அதை வீட்டில் எழுதி வைத்தீர்களா? மொத்தச் சம்பளத்தை எட்டால் பெருக்கி நூறால் பிரித்தால் வருகிற தொகைதான் சீட்டில் கழிந்திருக்கிறதா? அதன் பிறகு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருகிற சேமலாப நிதிக் கணக்குக் கூற்றைத் தோட்டக் காரியாலயத்தில் கேட்டு வாங்கி, கையிலுள்ள சீட்டுகளோடு ஒவ்வொரு மாதமாக ஒப்பிட வேண்டும். ஒரு மாதம் வெறுமையாக இருந்தால், அல்லது தொகை குறைந்திருந்தால், அதுதான் அடையாளம். அன்றே சங்கத்துக்கு வாருங்கள். சீட்டைக் கிழித்து எறிந்தவரிடம் ஒப்பிட எதுவும் இருக்காது.

மூன்றாவது, அவள் கேட்ட அடகு. அம்மாவின் நகைக்கு முதல் 120,000 ரூபா. மாதத்துக்கு நூற்றுக்கு ஒன்றரை வட்டி, அதுதான் 1,800. அந்த வட்டி தேவைப் பெட்டியில் போகும், கட்டாவிட்டால் நகை போய்விடும். முதலில் கட்டுகிற பணமோ சேமிப்புப் பெட்டியில் போகும். வாரன் அம்மையாரின் நூலும் கடன் அடைப்பதைச் சேமிப்போடுதான் வைத்தது. அட்டையில் அது உதிர்ந்துவிட்டது.

கணக்கைப் பாருங்கள். நல்ல மாதத்தில் மிஞ்சும் 3,500ஐ ஒரு வருடம் தவறாமல் வங்கியில் போட்டால் 42,000. வங்கி வருடத்துக்கு 5 வீதம் கொடுத்தாலும், அந்த 42,000க்கு மாதம் 175 ரூபா வட்டி வரும். அதே 42,000ஐ அடகின் முதலில் கட்டினால், மாத வட்டி 1,800இலிருந்து 1,170 ஆகும். மாதம் 630 ரூபா மிச்சம். 175ஐச் சம்பாதிக்க 630ஐ இழப்பதற்குப் பெயர் சேமிப்பு அல்ல. ஆனால் எல்லா அடகுக்கடையும் முதலைப் பகுதி பகுதியாக வாங்காது. வாங்குமா என்று கேட்டு, கட்டியதற்குப் பற்றுச்சீட்டும், குறைந்த முதல் எழுதிய புது அடகுச் சீட்டும் வாங்க வேண்டும். வாங்காத கடை என்றால், பகுதியாக வாங்குகிற இடத்துக்கு அடகை மாற்றலாமா என்று பார்க்க வேண்டும்.

அன்று திண்ணையில் இதையெல்லாம் ஒரு கொப்பித் தாளில் எழுதிக்கொண்டிருந்தபோது அத்தை மகன் சிரித்தான். "எங்களுக்கு மாசமே இல்லை டீச்சர்" என்றான். அவன் வேலை பார்ப்பது பங்குக்கு. கரைக்கு வந்ததும் எண்ணெய்ச் செலவும் ஐஸ் செலவும் முதலில் கழியும். மிச்சத்தில் படகுக்காரர் பங்கு, பிறகு ஆட்கள் பங்கு. முதலாளியிடம் முற்பணம் வாங்கியிருந்தால் மீனை அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டும். இந்திய இழுவைப் படகுகள் வருகிற இரவுகளில் வலை அறுந்துவிடும் என்ற பயத்தில் கடலுக்குப் போகவே முடியாது. அந்தப் படகுகளுக்குத் தமிழ்நாட்டில் தடை இருக்கும் ஏப்ரல் 15 முதல் 61 நாள்தான் நல்ல காலம். அத்தை சொன்னார்: "அந்த ரெண்டு மாசத்துல வர்றத நான் யாருக்கும் காட்ட மாட்டேன். அது வாடைக்காத்துக்கு."

தோழர்களே, கொழும்பில் உட்கார்ந்து அட்டை செய்தவரை விட அந்த அத்தைக்கு வரவு செலவு தெரியும். அவர் வீதத்திலிருந்து தொடங்கவில்லை. மிகக் கெட்ட மாதத்திலிருந்து தொடங்குகிறார். நல்ல மாதத்துக் காசின் ஒரு பகுதி தனக்குரியதல்ல, வரப்போகிற கெட்ட மாதத்துக்குரியது என்று அவருக்குத் தெரியும்.

அந்தக் கரைக்கும் நமக்கும் பழைய உறவு உண்டு. நம் முன்னோர் பலர் மன்னார்க் கரையில் இறங்கித்தான் காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். வந்த செலவும் வழிச் சாப்பாடும் கங்காணியின் கணக்கில் கடனாக ஏறியது. அவர்களுடைய முதல் சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே கடனுக்குப் போய்விட்டது. அந்தக் கடன் தொகையை எழுதிய "துண்டு" என்ற தாளைக் காட்டி, தோட்டத்துக்குத் தோட்டம் ஆளையே கைமாற்றினார்கள். 1921இல்தான் அந்தத் துண்டு முறையைச் சட்டம் ஒழித்தது. அந்த மனிதருக்கு யாராவது "ஆசைக்கு முப்பது வீதம் ஒதுக்கு" என்று சொல்லியிருந்தால் என்ன நினைத்திருப்பார்? அவருடைய கடனைச் சிக்கனம் தீர்க்கவில்லை. சட்டம் மாறியதால்தான் துண்டு ஒழிந்தது. சட்டம் தானாக மாறவில்லை, மாற்ற வைத்தார்கள்.

சேமிப்பு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைக்கு நாங்கள் எழுதிக் கொடுத்த வரிசை இது. முதலில் சீட்டைச் சரிபார். இரண்டாவது, நல்ல மாதத்தில் மிஞ்சுகிற 3,500ஐ, கெட்ட மாதத்துத் துண்டு 3,952 என்று கணக்குப் போட்டோமே, அதுபோல இரண்டு மாதத்துக்கு 8,000 சேரும்வரை தொடாமல் வை. நல்ல மாதம் மூன்று கிடைத்தால் அது சேர்ந்துவிடும். மூன்றாவது, அதற்குப் பிறகு மிஞ்சுவதை அடகின் முதலில் கட்டு. வங்கிக் கணக்கை அதற்குப் பிறகு பார்ப்போம். அந்த 3,500க்குள்ளேயே ஒரு சுடிதார் வாங்கினால் 8,000 சேர ஒரு மாதம் பிந்தும், அவ்வளவுதான். முதல் சம்பளத்தில் உடுப்பு எடுத்த பிள்ளையை யாரும் ஊதாரி என்று சொல்ல வேண்டாம்.

அவள் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு இன்னொரு கேள்வி கேட்டாள்: "டீச்சர், இந்த 840ல சங்கச் சந்தாவும் இருக்கே. அதுக்கு நீங்க என்ன கணக்குக் காட்டுவீங்க?" நியாயமான கேள்வி. பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். அடுத்த மாதாந்தக் கூட்டத்தில் தலைவர்மார் சந்தாக் கணக்கை வாசிக்க வேண்டும். வாசிக்காவிட்டால் நீங்கள் எழுந்து கேட்க வேண்டும்.

அந்தக் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டைக் கொண்டு வாருங்கள். எத்தனை முழுப் பேர், எத்தனை அரைப் பேர், எந்த நாளில் ஏன் அரைப் பேர் போட்டார்கள் என்று தோட்டம் முழுவதுக்கும் ஒரே தாளில் எழுதுவோம். ஒரு வீட்டின் துண்டு 3,952 என்றால் அது அந்த வீட்டின் கஷ்டம். அதே துண்டு எல்லா லயத்திலும் ஒரே மாதத்தில் விழுகிறது என்று தாளில் எழுதிக் காட்டினால், அது பேச்சுவார்த்தை மேசையில் வைக்கிற கணக்கு. பெட்டி பெட்டியாகப் பிரிக்கச் சொல்லும் அட்டை அந்தக் கணக்கை ஒருநாளும் போடாது. நாம்தான் போட வேண்டும்.